மூன்று விநாடியில் படிக்க வேண்டிய பலகை: எதை எழுதுவது, எதை வெட்டுவது

வத்தலக்குண்டு தாண்டி, கொடைக்கானல் மலையடிவாரத்தை நோக்கிப் போகும் சாலையில் ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு அது ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. மூன்று விநாடியில் 50 மீட்டர். சாலையோரப் பலகைக்கு வாசகம் எழுதுகிறவர் கையில் இருப்பது இந்த 50 மீட்டர்தான். பலகை எவ்வளவு பெரியது, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

அது ஏன் மூன்று விநாடி? பலகை தூரத்திலிருந்தே தெரிகிறதே, பத்து விநாடியாவது கிடைக்காதா என்று புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்பார்கள். பலகை தெரிவது வேறு, எழுத்து தெரிவது வேறு. எழுத்து எந்த இடத்தில் படிக்கத் தொடங்கும், எந்த இடத்தில் கண்ணை விட்டுப் போகும் என்ற இரண்டு புள்ளிகளைக் கண்டுபிடித்துவிட்டால் கணக்கு தானாக வந்துவிடும்.

முதலில் தொடக்கப் புள்ளி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குப் பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: எழுத்து ஒரு செ.மீ. உயரம் இருந்தால் மூன்று, மூன்றரை மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம். தமிழுக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது. நம் எழுத்தில் சுழியும் கொம்பும் புள்ளியும் இருக்கின்றன. ன, ண, ள மூன்றும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் நான் ஒரு செ.மீ. உயரத்துக்கு இரண்டு மீட்டர் என்றுதான் கணக்குப் போடுவேன். 45 செ.மீ. உயர எழுத்து என்றால் 90 மீட்டரில் படிக்கத் தொடங்கும்.

அடுத்தது முடிவுப் புள்ளி. பலகை சாலையின் நடுவில் நிற்பதில்லை. ஓட்டுகிறவரின் நேர்ப்பார்வையிலிருந்து பத்து மீட்டராவது விலகி, யாருடைய பட்டா நிலத்திலாவது நிற்கும். கார் நெருங்க நெருங்கப் பலகை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். இன்னும் 40 மீட்டர் இருக்கும்போதே அதைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். நல்ல ஓட்டுநர் திருப்ப மாட்டார். ஆக, படிக்கும் வேலை 40 மீட்டருக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

90-லிருந்து 40 போனால் 50 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அதுதான் மூன்று விநாடி.

இதே கணக்கில் எழுத்தின் உயரத்தை 20 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். படிக்கத் தொடங்கும் தூரம் 40 மீட்டர், பார்வையை விட்டு விலகும் தூரமும் 40 மீட்டர். கிடைக்கும் நேரம் பூஜ்யம். பணம் கட்டி வைத்த பலகையை ஓட்டுகிறவர்களில் ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார். சாலையோரத்தில் இப்படிப்பட்ட பலகைகள் நிறைய நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் இடம் சரியில்லை, ராசியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் இடத்தில் குறை இருக்காது, வாசகம் நீண்டுபோயிருக்கும். வாசகம் நீண்டால் எழுத்து சிறுக்கும், எழுத்து சிறுத்தால் விநாடி போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. இந்த மூன்று விநாடியும் ஒரே பார்வையாகக் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் 100 கார்களில் கேமரா பொருத்தி, மக்கள் அன்றாடம் வண்டி ஓட்டுவதைப் பதிவு செய்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், சாலையை விட்டுக் கண் இரண்டு விநாடிக்கு மேல் விலகினால் மோதலோ மயிரிழையில் தப்பும் நிலையோ ஏற்படும் வாய்ப்பு குறைந்தது இரு மடங்காகிறது என்று தெரிந்தது. நீண்ட நாள் வண்டி ஓட்டியவர்கள் இதை அனுபவத்திலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பலகையை ஒரு முறை பார்ப்பார்கள், சாலைக்குத் திரும்புவார்கள், தேவைப்பட்டால் இன்னொரு முறை பார்ப்பார்கள். முதல் பார்வையில் இது என்ன பலகை என்று பிடிபட்டால்தான் இரண்டாவது பார்வையே கிடைக்கும். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர அவருக்கு நேரம் இருக்காது. அதனால் பலகையில் வாக்கியமே வேண்டாம், தனித்தனித் துண்டுகள் போதும். ஒரு துண்டு, ஒரு பார்வை.

ஒரு வாசகத்தை எடுத்து வெட்டிப் பார்ப்போம்

கொடைக்கானல் மலைச்சாலையில் ஓர் உணவகம். பெயர் 'மேகம் மெஸ்' என்று வைத்துக்கொள்வோம். மலையேறும் முன் சமவெளியில் இருபது அடிக்குப் பத்து அடி அளவில் ஒரு பலகை வைக்க உரிமையாளர் முடிவு செய்கிறார். அதாவது 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். பிளக்ஸ் கடையில் கொடுக்க அவர் எழுதி வைத்திருக்கும் வாசகம் இது. உதாரணம்தான் என்றாலும், இதே அச்சில் எத்தனையோ வாசகங்கள் என் கைக்கு வந்திருக்கின்றன.

> அருள்மிகு தண்டாயுதபாணி துணை
> மேகம் மெஸ்
> உயர்தர சைவ உணவகம்
> எங்களிடம் காலை, மதியம், இரவு உணவு வகைகள் சுத்தமான, சுகாதாரமான முறையில் தயாரித்து வழங்கப்படும்
> தங்கும் அறை வசதி, கார் பார்க்கிங் வசதி, கழிப்பறை வசதி உண்டு
> மலைப்பூண்டு, தேன், காபித்தூள், மலைவாழைப்பழம் கிடைக்கும்
> சுப நிகழ்ச்சிகளுக்கு ஆர்டரின்பேரில் சமைத்துத் தரப்படும்
> செல்: (இரண்டு எண்கள்)
> அனைவரும் வருக! வருக!

நீண்ட வரிகளை மடித்து எழுதினால் பன்னிரண்டு வரியாவது வரும். மூன்று மீட்டர் உயரத்தில் பன்னிரண்டு வரி என்றால், இடைவெளி போக எழுத்துக்குக் கிடைப்பது 15 செ.மீ. நம் கணக்குப்படி 30 மீட்டரில்தான் அது படிக்க வரும். ஆனால் 40 மீட்டரிலேயே பலகை பார்வையை விட்டுப் போய்விட்டது. இந்தப் பலகையை நின்று பார்ப்பவர் மட்டுமே படிக்க முடியும்.

வெட்டத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: இந்த இடத்தில், இந்தத் திசையில் வருகிறவருக்கு என்ன தேவை? உரிமையாளருக்குச் சொல்ல ஆசையாக இருப்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மலையேறப் போகும் வண்டிகள் மதுரையிலிருந்தோ, திருச்சியிலிருந்தோ, கேரளாவிலிருந்தோ விடியற்காலையில் கிளம்பியிருக்கும். உள்ளே பசித்த குழந்தைகள் இருப்பார்கள். வளைவு தொடங்கினால் வயிற்றைப் புரட்டுமே என்ற பயம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், சுத்தமான கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று பெண்கள் அரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருப்பார்கள். மேலே உள்ள வாசகத்தில் இந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் நேரடியான பதில் இருக்கிறது. அதுவும் ஐந்தாவது வரியின் கடைசியில், பார்க்கிங்குக்குப் பின்னால்.

சரி, வெட்டுவோம்.

செல்போன் எண்தான் முதலில் போக வேண்டும். பத்து இலக்கத்தை ஓடும் வண்டியிலிருந்து யாராலும் மனதில் வாங்க முடியாது, ஓட்டுகிறவர் எழுதிக்கொள்ளவும் முடியாது. சாப்பிட வருகிறவர் போன் போட்டுவிட்டு வருவதில்லை. ஆனாலும் உரிமையாளர்கள் மிகப் பிடிவாதமாக நிற்பது இந்த வரிக்காகத்தான். எண் இல்லாத பலகை அவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அறை வேண்டுகிறவரும் கல்யாண ஆர்டர் கொடுக்கிறவரும் கடைக்குள் வந்த பிறகு எண்ணை வாங்கிக்கொள்வார்கள். அதற்குக் கல்லா மேசையில் ஒரு கார்டு போதும். ஸ்கேன் செய்யும் கட்டம், இணைய முகவரி, முழு அஞ்சல் முகவரி எல்லாமே இதே காரணத்தால் போகும்.

அடுத்து 'உயர்தர', 'சுத்தமான, சுகாதாரமான முறையில்'. இவை பொய் என்பதற்காக வெட்டவில்லை. எல்லா உணவகமும் இதையே சொல்வதால், கண் இந்தச் சொற்களைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். வண்டியில் வருகிறவர் செய்யப்போகும் காரியம் மாறாது என்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

பிறகு வினைச்சொற்கள். 'வழங்கப்படும்', 'கிடைக்கும்', 'உண்டு', 'தரப்படும்'. தமிழில் பலகை எழுதும்போது மிகச் சுலபமாக இடத்தை மீட்கும் வழி இதுதான். 'இட்லி' என்று எழுதினாலே கிடைக்கும் என்றுதான் பொருள், கிடைக்காது என்று யாரும் நினைக்கப் போவதில்லை. 'வசதி'யும் அப்படியே. 'கார் பார்க்கிங் வசதி உண்டு' என்பதில் 'பார்க்கிங்' ஒன்றுதான் செய்தி. 'எங்களிடம்', 'வகைகள்', 'முறையில்' போன்றவை வாக்கியத்தை ஒட்டவைக்க வந்தவை. வாக்கியமே இல்லாத இடத்தில் அவை தாமாக உதிர்ந்துவிடும்.

'அனைவரும் வருக! வருக!' திருவிழா வாசலுக்கு உரிய வரி. நின்று பார்க்கிற கூட்டத்துக்கு அது பொருந்தும்.

முருகன் துணை வரியை வெட்டச் சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. பழனி மலைக்காரர்களுக்கு அது அலங்காரமில்லை, நம்பிக்கை. அதனால் அதற்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்: கடையின் முகப்பில், வாசலுக்கு மேலே, எல்லோரும் நின்று பார்க்கும் இடத்தில். ஓடும் வண்டிக்கு முன்னால் 15 செ.மீ. எழுத்தில் யாரும் படிக்காமல் போவதைவிட அது மரியாதையான இடம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மலைப்பூண்டும் தேனும் காபித்தூளும் நல்ல சரக்கு. ஆனால் மலையேறுகிறவர் அவற்றை வாங்க மாட்டார், இறங்குகிறவர்தான் வாங்குவார். அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது மிச்சம்: சாப்பாடு, கழிப்பறை, கடையின் பெயர், எவ்வளவு தூரம். 'காலை, மதியம், இரவு உணவு' என்பதை ஒரே பண்டமாகச் சுருக்க வேண்டும். 'சிற்றுண்டி' என்றோ 'டிபன்' என்றோ பொதுவாகப் போட்டால் மனதில் ஒன்றும் எழாது. 'சூடான இட்லி' என்றால் விடியலில் கிளம்பிய வயிறு உடனே புரிந்துகொள்ளும். 'இட்லி' இன்னொரு விதத்திலும் நல்ல சொல். பழகிய சொல்லை நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, அதன் உருவத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்கிறோம். 'ட்' மேலே உள்ள புள்ளி தூரத்தில் மறைந்தாலும் இட்லி இட்லியாகவே படிக்கப்படும். பழகாத பெயர்களில் அந்தச் சலுகை கிடையாது. 'மேகம்' போன்ற பெயரில் ஓர் எழுத்து தெளிவாக இல்லாவிட்டாலும் கண் தடுக்கி நிற்கும்.

கழிப்பறையை எழுத்தில் போடக் கடைக்காரர்கள் கூச்சப்படுவார்கள். இட்லிக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லா என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆண், பெண் உருவம் போட்ட சின்னம் அதைத் தீர்த்துவிடும். அது எழுத்தைவிட வேகமாகப் பிடிபடும், மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கும் புரியும். ஒரு சொல்லின் வேலையை ஒரு படம் முழுமையாகச் செய்யும்போது இரண்டையும் போடாதீர்கள்.

வெட்டி முடித்த பிறகு பலகை இப்படி நிற்கிறது:

> சூடான இட்லி
> (கழிப்பறைச் சின்னம்) 10 கி.மீ.
> மேகம் மெஸ்

முதல் வரிக்கு 60 செ.மீ. எழுத்து, மற்ற இரண்டுக்கும் 45. மூன்றும் சேர்ந்து ஒன்றரை மீட்டர். மீதி ஒன்றரை மீட்டரும் வெற்றிடம். பிளக்ஸ் கடையில் அந்த இடத்தில் ஏதாவது போடட்டுமா என்று கேட்பார்கள், உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் 'சூ'வின் வால் கீழே இறங்கும், 'லி'யின் சுழி மேலே ஏறும். இரண்டு வரிக்கு நடுவில் இடம் விடாவிட்டால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொண்டு இரண்டு வரியும் கெடும்.

எத்தனை சொல் இருக்கலாம்?

ஆங்கிலத்தில் பலகைக்கு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். தமிழில் சொல்லை எண்ணிப் பயன் இல்லை. நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே போகும். 'எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்' ஒரே சொல்தான், ஆனால் ஒரு பலகை முழுவதையும் தின்றுவிடும். அதனால் எழுத்தை எண்ணுங்கள். ஒரு தமிழ் எழுத்து ஏறக்குறைய தன் உயரத்தளவுக்கு அகலமும் எடுக்கும். ணை, டா போன்றவை அதைவிடக் கூடுதலாக எடுக்கும். 6 மீட்டர் அகலத்தில் 45 செ.மீ. எழுத்து என்றால் வரிக்குப் பன்னிரண்டு எழுத்து. எண்ணும்போது புள்ளி எழுத்தையும் சொல்லுக்கு நடுவில் விடும் இடத்தையும் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். மொத்தப் பலகைக்கும் இருபது, இருபத்திரண்டு எழுத்துக்குள் முடித்தால் ஒரு பார்வையிலோ இரண்டிலோ படித்துவிடலாம். நம் பலகையை எண்ணிப் பாருங்கள், இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதா, நிமிடத்தில் சொல்வதா என்பது மலைச்சாலைக்கே உரிய கேள்வி. சமவெளியில் 10 கி.மீ. என்றால் பத்து நிமிடம். மலையில் அது இருபது, இருபத்தைந்து நிமிடமாகும். பசித்தவருக்கு நிமிடம்தான் உபயோகம் என்று எனக்கும் தோன்றும். ஆனால் ஏப்ரல், மே சீசனில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது 'இன்னும் 20 நிமிடம்' பொய்யாகிவிடும். கிலோமீட்டர் எந்த மாதத்திலும் பொய்யாகாது. 'டம்டம் பாறை தாண்டி' என்று அடையாளம் சொல்லலாமே என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். வேன் ஓட்டுநர்களுக்கு அது போதும், முதல்முறை வருகிறவருக்குப் பாறையே எங்கே என்று தெரியாது. நீலகிரி போன்ற மலைகளில் வேறொரு வசதி உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். வண்டியில் இருக்கும் குழந்தைகள் அதை எண்ணிக்கொண்டே வருவார்கள். அங்கே '9-வது வளைவு' என்று எழுதினால் கிலோமீட்டரைவிடத் துல்லியம்.

அம்புக்குறி விஷயத்தில் கவனம் வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்கு இங்கேயே அம்பு போட்டால், அம்பை மட்டும் பார்த்தவர் அடுத்த சந்தில் வண்டியைத் திருப்புவார். முதல் பார்வையில் கண்ணில் படுவது அம்புதான், தூரம் இரண்டாவது பார்வையில்தான் வரும். திரும்ப வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் மட்டும்தான் அம்பு.

மலைக்குள் வைக்கும் பலகை

கடைக்குப் பக்கத்தில், மலைச்சாலைக்குள் இரண்டாவது பலகை ஒன்று தேவைப்படும். இங்கே வேகம் 30 கி.மீ.தான், விநாடிக்கு 8 மீட்டர். மெதுவாகப் போவதால் நிறைய எழுதலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. வளைவு திரும்பியதும் கண்ணுக்கு முன்னால் தெரியும் சாலை 50 மீட்டர் இருந்தாலே அதிகம். பலகை சாலையை ஒட்டி இருப்பதால் கடைசி 20 மீட்டரில் அது பக்கவாட்டுக்குப் போய்விடும். மீதி 30 மீட்டருக்கு மூன்றரை விநாடி என்று கணக்கு வருகிறது. ஆனால் அதில் முதல் ஒரு விநாடியாவது எதிரே பேருந்து வருகிறதா என்று பார்ப்பதற்கே போகும். ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும். மிஞ்சுவது இரண்டு சின்னப் பார்வை. அதனால் இங்கே இன்னும் குறைவு: 'மேகம் மெஸ்', '200 மீ.', இடது பக்க அம்பு. சூடான இட்லியை மறுபடி சொல்ல வேண்டாம், அதைக் கீழேயே சொல்லிவிட்டோம். அந்தப் பெயரும் அதே நிறமும் அதே எழுத்து வடிவமும் திரும்ப வந்தால், கீழே பார்த்தவர் தானாக அடையாளம் கண்டுகொள்வார்.

வளைவிலேயே பலகை வைக்காதீர்கள். வளைவு முடிந்து சாலை நேரான பிறகு வையுங்கள். சந்திப்புக்குப் பக்கத்திலும் அரசின் எச்சரிக்கைப் பலகையை மறைக்கும்படியும் வைக்கக் கூடாது, நெடுஞ்சாலைப் பலகை போலத் தோற்றம் கொடுக்கவும் கூடாது. மலைப்பகுதியில் கட்டுப்பாடுகள் அதிகம் என்பதால், அச்சடிக்கும் முன் உரிய அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்குப் பட்டியலுக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மலைக்குள் இருக்கும் பலகையின் பின்பக்கம் இறங்கும் வண்டிகளுக்குத் தெரியும்தான், ஆனால் அதற்குள் அவை கடையைத் தாண்டியிருக்கும். அதனால் கடைக்குச் சற்று மேலே, இறங்கும் வண்டிகளைப் பார்த்தபடி இன்னொரு பலகை வேண்டும். அங்கே 'மலைப்பூண்டு' என்ற ஒரே சொல்லைப் பெரிதாகப் போடலாம். ஆனால் இறங்குகிறவருக்குக் கடை வலது பக்கம் வரும். ஏறும் வண்டிகளைக் குறுக்கே கடந்துதான் உள்ளே வர வேண்டும். கடைக்கு முன்னால் சாலை நீளமாகத் தெரிந்து, வண்டி ஒதுங்க இடமும் இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்தப் பலகையே வேண்டாம்.

ஒரே பலகையில் அடங்காததைப் பல பலகைகளாகப் பிரிப்பது பழைய உத்தி. அமெரிக்காவில் பர்மா ஷேவ் என்ற சவர கிரீம் நிறுவனம் 1925-இல் மினசோட்டா மாநிலச் சாலைகளில் இதைத் தொடங்கியது. சின்னச் சின்னப் பலகைகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொல், கடைசிப் பலகையில் நிறுவனத்தின் பெயர். எல்லாம் சேர்ந்தால் ஒரு வேடிக்கைப் பாட்டு. 1963 வரை அது நடந்தது. நேரான, வண்டி குறைந்த சாலையில் அது எடுபட்டது. வளைவுக்கு வளைவு கவனம் சிதறக்கூடாத மலைச்சாலையில் அதை அப்படியே செய்ய வேண்டாம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பலகைக்கு ஒரு செய்தி.

எழுத்தும் நிறமும்

இதில் பிளக்ஸ் கடைக்காரரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவர் எழுத்துக்கு நிழல் கொடுப்பார், வெள்ளை ஓரம் கட்டுவார், மேலே தங்க நிறம் கீழே சிவப்பு என்று மங்க விடுவார், பின்னணியில் அருவிப் படம் வைப்பார். கணினித் திரையில் அழகாகத்தான் இருக்கும். 90 மீட்டரில் நிழலும் எழுத்தும் கலந்து ஒரே திட்டாகத் தெரியும். ஒரே நிறப் பின்னணி, ஒரே நிற எழுத்து போதும். மெல்லிய எழுத்து வடிவத்தில் புள்ளியும் கொம்பும் காணாமல் போகும். அளவுக்கு மீறித் தடித்த வடிவத்தில் ண, ழ போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

மலையில் பச்சை நிறப் பலகை மரங்களோடு கலந்துவிடும், வெள்ளைப் பலகை மூடுபனியில் கரைந்துவிடும். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து இரண்டிலும் தாக்குப்பிடிக்கும். படம் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று: இலையில் இரண்டு இட்லி, எழுத்துக்குப் பக்கத்தில், எழுத்தின் மேல் படாமல். தமிழ் தெரியாத ஓட்டுநருக்கு இன்னொரு மொழியில் எழுதுவதைவிட அந்தப் படம் நன்றாக வேலை செய்யும். உரிமையாளரின் படம் கடைக்குள் இருக்கட்டும்.

அச்சடிக்கும் முன் ஒரு சோதனை

இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் 6 மீட்டர் பலகை 30 செ.மீ. ஆகிவிடும், அதாவது ஏ4 தாளின் நீளவாக்கு. பலகையை அந்த அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நடந்து வரும் நேர்கோட்டிலிருந்து அரை மீட்டர் இடதுபக்கம் தள்ளி ஒட்ட வேண்டும். 90 மீட்டர் இப்போது நாலரை மீட்டர், 40 மீட்டர் இப்போது இரண்டு மீட்டர். பலகையை இதற்கு முன் பார்த்திராத ஒருவரை நாலரை மீட்டரில் நிறுத்துங்கள். அவருக்கு எதிரே இன்னொருவர் நின்று விரல்களை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். வருகிறவர் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மூன்று விநாடியில் இரண்டு மீட்டர் வரை நடந்து வர வேண்டும். விரல் காட்டுவது சாலைக்குப் பதிலாக. இது இல்லாமல் செய்தால் அவர் தாளையே முறைத்துப் பார்த்து எல்லாவற்றையும் படித்துவிடுவார், சோதனை வீண்.

வந்து நின்றதும் தாளை மறைத்துவிட்டு, என்ன விற்கிறார்கள், எங்கே என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'ஏதோ ஹோட்டல்' என்று பதில் வந்தால் முதல் வரி பிடிபடவில்லை. 'இட்லி, ஆனா எங்கன்னு பாக்கல' என்றால் இரண்டாவது வரியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது மூன்றாவது வரியைச் சிறிதாக்க வேண்டும். உரிமையாளர் எழுதிய பழைய வாசகத்தையும் அதே அளவில் அச்செடுத்து வேறொருவரை வைத்துச் சோதித்துக் காட்டுங்கள். போன் நம்பரை விட மாட்டேன் என்று நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள்.

இன்னும் ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டாக வேண்டும். பலகை நாள் முழுவதும் நிற்கும். இட்லி பதினொரு மணிக்குத் தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் மதியம் வருகிறவரிடம் பலகை பொய் சொல்கிறது. 'காலை மட்டும்' என்று சேர்த்தால் எழுத்து கூடிவிடும், 'சாப்பாடு' என்று பொதுவாக மாற்றினால் இட்லியின் இழுப்பு போய்விடும். என் அபிப்பிராயத்தில் பலகையைத் தொட வேண்டாம். மாவைக் கூடுதலாக ஆட்டி, மாலை வரை இட்லி ஊற்றுவதற்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம்.